சொல்ல முடிகிற ரகசியம், சொல்ல முடியாத ரகசியம்

2022ஆம் ஆண்டு ஜூலை 20. அமெரிக்காவின் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்களின் செல்போன்களுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. உங்கள் வேலை அட்டவணை மாறியிருக்கிறது, இந்த இணைப்பைத் தட்டிப் பாருங்கள் என்றது அது. ஒரே நிமிடத்துக்குள் குறைந்தது 76 ஊழியர்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. சிலருடைய வீட்டாருக்கும் வந்தது. இணைப்பில் இருந்த முகவரி cloudflare-okta.com. ஆக்டா என்பது அந்த நிறுவனத்தார் தினமும் உள்நுழையப் பயன்படுத்திய சேவையின் பெயர். அதனால் பார்த்தவுடன் சந்தேகம் வராது. ஆனால் அந்த முகவரியே செய்தி கிளம்புவதற்கு 40 நிமிடத்துக்குள்தான் பதிவு செய்யப்பட்டிருந்தது.

மூன்று ஊழியர்கள் இணைப்பைத் தட்டி, அசல் போலவே இருந்த பக்கத்தில் தங்கள் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்துவிட்டார்கள். அவை உடனே திருடர்களின் கைக்குப் போயின. திருடர்கள் அவற்றை அசல் தளத்தில் போட்டுப் பார்த்தார்கள். கதவு திறக்கவில்லை.

அதே நாட்களில் ட்விலியோ என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனத்தின் ஊழியர்களுக்கும் இதே பாணியில் செய்திகள் வந்தன. அங்கேயும் சிலர் ஏமாந்தார்கள். அங்கே கதவு திறந்துவிட்டது. இந்தக் கும்பல் குறிவைத்த நிறுவனங்கள் 130க்கும் மேல் என்று பின்னர் தெரியவந்தது.

கிளவுட்ஃப்ளேர் ஊழியர்கள் மற்றவர்களைவிட விழிப்பானவர்கள் என்று சொல்ல முடியாது. மூன்று பேர் ஏமாந்துதானே போனார்கள். வித்தியாசம் அவர்களுடைய சாவிக்கொத்தில் இருந்தது. அங்கே ஒவ்வொரு ஊழியருக்கும் செக்யூரிட்டி கீ எனப்படும் சிறிய மின்னணுச் சாவி ஒன்று கொடுத்திருந்தார்கள். அதைச் செருகித் தொட்டால்தான் உள்ளே போக முடியும்.

நமக்கும் இன்று மூன்று வழிகள் கிடைக்கின்றன. போனுக்கு எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் ஓ.டி.பி. முதலாவது. போனிலேயே ஆறு இலக்க எண்ணைக் காட்டும் ஆத்தென்டிகேட்டர் செயலி இரண்டாவது. கையில் வைத்திருக்கும் சாவி மூன்றாவது. எதை எடுப்பது என்று முடிவு செய்ய ஒரே ஒரு கேள்வி போதும்: இந்த ரகசியத்தை நான் இன்னொருவரிடம் சொல்ல முடியுமா? சொல்ல முடிந்தால், என்னை ஏமாற்றிச் சொல்ல வைக்கவும் முடியும்.

எஸ்.எம்.எஸ்.: பல கை மாறி வரும் எண்

ஓ.டி.பி.யைக் குறைத்துப் பேசுவது எளிது. அது இல்லாமல் வெறும் பாஸ்வேர்டோடு இருப்பது அதைவிடப் பல மடங்கு ஆபத்து. கூகுள் நிறுவனம் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து 2019இல் ஒரு கணக்கு வெளியிட்டது. திருடுபோன பாஸ்வேர்டுகளை வைத்துக்கொண்டு கணினி நிரல்கள் தானாகவே நடத்தும் தாக்குதல்களில் 100 சதவீதத்தையும் எஸ்.எம்.எஸ். குறியீடு தடுத்தது. ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே மாதிரி வலை வீசும் மோசடிகளில் 96 சதவீதம் தடுபட்டது. ஆனால் குறிப்பிட்ட ஒருவரையே குறிவைத்துச் செய்யும் தாக்குதல்களில் 76 சதவீதம்தான் தடுபட்டது. அதாவது நான்கில் ஒன்று உள்ளே போய்விடுகிறது.

அந்த ஓட்டை எங்கே இருக்கிறது? ஓ.டி.பி. உங்களிடம் நேரே வருவதில்லை. சேவை நடத்தும் நிறுவனம், அதற்காகச் செய்தி அனுப்பித்தரும் இடைநிலை நிறுவனம், செல்போன் நிறுவனம், உங்கள் சிம் கார்டு என்று பல கை மாறி வருகிறது. ஒவ்வொரு கையிலும் அது கசியலாம்.

ட்விலியோ அப்படிப்பட்ட ஓர் இடைநிலை நிறுவனம்தான். சிக்னல் என்ற உரையாடல் செயலிக்கு ஓ.டி.பி.களை அனுப்பித்தந்தது அதுதான். ட்விலியோவுக்குள் நுழைந்தவர்களால் சுமார் 1,900 சிக்னல் பயனர்களின் எண்களையோ குறியீடுகளையோ பார்க்க முடிந்திருக்கும் என்று சிக்னலே அறிவித்தது. அவர்கள் மூன்று எண்களைக் குறிப்பாகத் தேடியிருக்கிறார்கள். அந்த மூவரில் ஒருவர், தன் கணக்கு வேறு போனில் மறுபதிவு செய்யப்பட்டதாகப் புகார் சொன்னார். அந்த மனிதர் எந்தத் தவறும் செய்யவில்லை. அவருக்காக அனுப்பப்பட்ட எண் வழியில் கசிந்துவிட்டது.

அடுத்தது சிம் ஸ்வாப். உங்கள் பெயரில் போலி ஆவணம் காட்டி, சிம் தொலைந்துவிட்டது என்று சொல்லி, உங்கள் எண்ணுக்கு வேறொருவர் புது சிம் வாங்கிவிடுவது. 2019 ஆகஸ்ட் 30 அன்று ட்விட்டரின் தலைவராக இருந்த ஜாக் டோர்சியின் ட்விட்டர் கணக்கே, அவருடைய செல்போன் எண் கைமாறியதால் பிறர் வசம் போனது. இந்தியாவில் சிம் மாற்றினால் 24 மணி நேரம் அதில் எஸ்.எம்.எஸ். வரக் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை விதி போட்டிருக்கிறது. அந்த ஒரு நாள் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். பக்கத்தில் இருப்பவருக்கு அதே நிறுவனத்தின் சிக்னல் முழுதாக இருக்க, உங்கள் போனில் மட்டும் திடீரென்று சிக்னல் செத்துப்போனால் ‘டவர் பிரச்சினை’ என்று விட்டுவிடாதீர்கள். வேறொரு போனிலிருந்து உடனே நிறுவனத்தைக் கூப்பிட்டு, என் எண்ணுக்குப் புது சிம் கொடுத்தீர்களா என்று கேளுங்கள்.

இவ்வளவு திட்டம் போடாமலும் ஓ.டி.பி.யை எடுக்கலாம். பூட்டிய போனைப் பறித்தவன் சிம்மை மட்டும் கழற்றித் தன் போனில் போட்டால் போதும், உங்கள் ஓ.டி.பி.கள் அவனுக்கு வரும். இதற்கு மருந்து சிம் பின். போனின் அமைப்புகளில் ‘SIM lock’ அல்லது ‘SIM PIN’ என்று இருக்கும். அதைப் போட்டுவிட்டால், சிம்மை வேறு போனில் செருகும்போது நான்கு இலக்க எண் கேட்கும். மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொள்ளும். ஆனால் உங்கள் நிறுவனம் முதலில் தந்திருக்கும் பின் எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். ஊகித்துப் போட்டால் நீங்களே பூட்டிக்கொள்வீர்கள்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். நீங்கள் விட்டுவிட்ட பழைய எண், இணைப்பு துண்டிக்கப்பட்டு 90 நாட்கள் கழிந்ததும் வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். அந்த எண்ணோடு இன்னும் கட்டுண்டு கிடக்கும் கணக்குகளின் ஓ.டி.பி. அந்த அந்நியருக்குப் போகும். வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போய், ஊர் சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விடுகிறவர்களுக்கு இது வெகு சாதாரணமாக நேரும்.

செயலி: நெட்வொர்க் தேவையில்லாத எண்

ஆத்தென்டிகேட்டர் செயலி இந்த நீண்ட பாதையையே இல்லாமல் ஆக்குகிறது. முதல்முறை அமைக்கும்போது தளம் ஒரு கியூஆர் குறியீடு காட்டும். அதற்குள் ஒரு நீண்ட ரகசிய எண் இருக்கிறது. ஸ்கேன் செய்தவுடன் அது உங்கள் போனில் ஒரு பிரதியும் தளத்தில் ஒரு பிரதியுமாக இருக்கும். அதன்பின் இருவரும் அந்த ரகசியத்தையும் அந்த நேரத்தையும் சேர்த்து ஒரே கணக்கைப் போடுகிறார்கள். விடை ஆறு இலக்க எண். 30 நொடிக்கு ஒருமுறை அது மாறும். இரண்டு பேரும் தனித்தனியே கணக்குப் போட்டும் ஒரே விடை வருவதால், யாரும் யாருக்கும் எதையும் அனுப்ப வேண்டியதில்லை.

சிம் இல்லாவிட்டாலும், விமானத்தில் இருந்தாலும், துபாயில் ஊர் எண் செத்திருந்தாலும் இது வேலை செய்யும். சிம் ஸ்வாப் செய்தவனுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. செலவும் கிடையாது. சரியான எண்ணைப் போட்டும் ‘தவறு’ என்றே வந்தால் பெரும்பாலும் போனின் கடிகாரம் பிசகியிருக்கும். நேரத்தைத் தானாக அமையும்படி மாற்றினால் சரியாகிவிடும்.

இதன் பலவீனங்கள் இரண்டு. முதலாவது அந்த ரகசியத்தின் பிரதி. கியூஆர் குறியீட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கேலரியில் வைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அந்தப் படம் யாரிடம் இருக்கிறதோ அவருடைய போனும் உங்கள் எண்களைக் காட்டும், எத்தனை வருடமானாலும். இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. பிரதியே இல்லாமல் போன் தொலைந்தால், உங்கள் கணக்குக்கு வெளியே நீங்களே நிற்பீர்கள். இதனால்தான் பல செயலிகள் ரகசியங்களை இணையத்தில் சேமித்து, புது போனுக்குக் கொண்டுவரும் வசதி தருகின்றன. கூகுள் ஆத்தென்டிகேட்டருக்கு இந்த வசதி 2023 ஏப்ரலில் வந்தது. வசதிதான், ஆனால் அது புதிதாக ஒரு கதவும்கூட. ட்விலியோவுக்குச் சொந்தமான ஆத்தி என்ற ஆத்தென்டிகேட்டர் செயலியில், 2022 ஊடுருவலின்போது 93 பேரின் கணக்குகளில் திருடர்கள் தங்கள் கருவிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். இணையத்தில் சேமிப்பதானால், அந்தச் சேமிப்பு எந்தக் கணக்கில் இருக்கிறதோ அந்தக் கணக்கை மற்ற எல்லாவற்றையும்விட இறுக்கமாகப் பூட்ட வேண்டும்.

இரண்டாவது பலவீனம் இன்னும் ஆழமானது. திரும்ப அந்த போலிப் பக்கத்துக்குப் போவோம். பாஸ்வேர்டைக் கொடுத்தவுடன் அந்தப் பக்கம் அடுத்ததாக ஒரு குறியீடு கேட்டது. செயலியில் தெரியும் ஆறு இலக்கத்தை நீங்கள் அங்கே போட்டால், அது அந்த நொடியே திருடனுக்குப் போகும். அவன் அசல் தளத்தைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறான். எண் செத்துப்போக 30 நொடி இருக்கிறது. அவனுக்கு ஐந்து நொடி போதும். அந்த எண்ணைப் பொறுத்தவரை அது சரியான எண்தான். யார் போட்டார்கள், எங்கிருந்து போட்டார்கள் என்பது அதற்குத் தெரியாது. வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று போனில் கேட்பவனிடம் சொன்னாலும் இதே கதைதான். எஸ்.எம்.எஸ்.ஸும் செயலியும் இந்த இடத்தில் ஒரே தராசில் நிற்கின்றன. இரண்டும் சொல்ல முடிகிற ரகசியங்கள்.

சாவி: முகவரி பார்த்துத்தான் பேசும்

செக்யூரிட்டி கீ என்பது பென்டிரைவ் அளவுள்ள ஒரு சிறு கருவி. யூபிகோவின் யூபிகீ, கூகுளின் டைட்டன் ஆகியவை தெரிந்த பெயர்கள். கணினியின் யூஎஸ்பியில் செருகலாம். என்எஃப்சி இருந்தால் போனின் முதுகில் வைக்கலாம். பிறகு அதை விரலால் தொட வேண்டும். இதில் எந்த எண்ணும் தெரியாது, எதையும் தட்டச்சு செய்து தளத்துக்கு அனுப்பவும் வேண்டாம்.

உள்ளே நடப்பது இதுதான். ஒரு தளத்தில் சாவியைப் பதிவு செய்யும்போது, அந்தத் தளத்துக்கென்றே சாவி ஒரு ஜோடியை உருவாக்குகிறது. ஒன்று கையெழுத்துப் போடுவதற்கு. அது சாவியை விட்டு ஒருபோதும் வெளியே வராது. மற்றது கையெழுத்தைச் சரிபார்ப்பதற்கு. அது தளத்திடம் போகும். அடுத்தமுறை நீங்கள் நுழையும்போது தளம் புதிதாக ஒரு கேள்வியை அனுப்பும். உங்கள் பிரௌசர் அந்தக் கேள்வியோடு, இப்போது திறந்திருக்கும் தளத்தின் முகவரியையும் சேர்த்துச் சாவியிடம் கொடுக்கும். அந்த முகவரிக்கென்று உருவாக்கிய ஜோடி இருந்தால் மட்டுமே சாவி கையெழுத்திடும்.

cloudflare-okta.com என்ற போலிப் பக்கத்தில் ஓர் ஊழியர் சாவியைச் செருகி நூறு முறை தொட்டிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது. அந்தப் பெயருக்கு அவருடைய சாவியிடம் எந்த ஜோடியும் கிடையாது. திருடர்கள் பாஸ்வேர்டை எடுத்துக்கொண்டு அசல் தளத்துக்குப் போனார்கள். அங்கே சாவி கேட்டது. அது ஊழியரின் மேசையில் இருந்தது. அவர்களின் ஆட்டம் அங்கேயே முடிந்தது.

முதல் இரண்டு வழிகளிலும் முகவரியைப் பார்க்க வேண்டியது நீங்கள். இரவு பதினோரு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், ‘உங்கள் கணக்கு முடக்கப்படும்’ என்ற மிரட்டலைப் படித்துவிட்டு, ஒரு எழுத்து மாறியிருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். மூன்றாவதில் அந்த வேலையை இயந்திரம் செய்கிறது. அதற்குக் களைப்பும் இல்லை, பதற்றமும் இல்லை. கூகுளின் 2019 கணக்கில் மூன்று வகைத் தாக்குதல்களிலும் 100 சதவீதம் தடுத்தது சாவி ஒன்றுதான்.

இதற்கும் எல்லைகள் உண்டு. விலை சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஒன்று தொலைந்தால் உள்ளே போக இன்னொன்று வேண்டும் என்பதால், இரண்டு வாங்கி இரண்டையும் பதிவு செய்வதே முறை. ஒன்று கையோடு, ஒன்று வீட்டு அலமாரியில். ஏற்கெனவே உள்நுழைந்த கணினியில் திருட்டு மென்பொருள் புகுந்துவிட்டால் சாவியால் காப்பாற்ற முடியாது; அது வாசலை மட்டுமே காக்கும். பலர் கவனிக்காத எல்லை இன்னொன்று. சாவி போட்ட கணக்கில் எஸ்.எம்.எஸ்.ஸையும் மாற்று வழியாக விட்டுவைத்தால், திருடன் சாவியோடு மல்லுக்கட்ட மாட்டான். ‘Try another way’ என்பதைத் தட்டி எஸ்.எம்.எஸ். பக்கம் போய்விடுவான். முன்வாசலில் இரும்புக் கதவு போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தில் தட்டி வைத்த மாதிரிதான் அது.

காசு செலவழிக்காமல் இதே பாதுகாப்பு வேண்டும் என்பவர்களுக்கு பாஸ்கீ இருக்கிறது. சாவி செய்யும் அதே வேலையை உங்கள் போனே செய்வதுதான் பாஸ்கீ. விரல் ரேகையோ முகமோ காட்டினால் போதும். இதுவும் முகவரி பார்த்தே கையெழுத்திடும். இதையும் யாரிடமும் சொல்ல முடியாது. ஆனால் இது பெரும்பாலும் உங்கள் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கில் சேமிக்கப்பட்டுப் பிற கருவிகளுக்கும் போகும். எனவே அந்தக் கணக்குக்கு வலுவான பூட்டு வேண்டும்.

ஒரு வீட்டுக்கான கணக்கு

ஒரு பள்ளி ஆசிரியையை நினைத்துக்கொள்வோம். அவரிடம் ஒரு ஆண்ட்ராய்டு போன், ஜிமெயில், ஃபேஸ்புக், ஒரு வங்கிக் கணக்கு இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே பூட்டு தேவையில்லை.

முதலில் ஜிமெயில். மற்ற எந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மறந்தாலும், புதிதாக மாற்றும் இணைப்பு இங்கேதான் வரும். இதைப் பிடித்தவன் மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பிடிப்பான். அதனால் இதற்கு மூன்றாவது வழி. அவர் myaccount.google.com போய், பாதுகாப்புப் பகுதியில் ‘Passkeys and security keys’ என்பதைத் திறந்து, தன் போனில் பாஸ்கீ உருவாக்குகிறார். சாவி வாங்கினால் அதையும் இங்கேயே பதிவு செய்யலாம். பிறகு ‘Backup codes’. எட்டு இலக்கம் கொண்ட 10 எண்கள் கிடைக்கும்; ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். அவற்றைக் காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் இடத்தில் வைக்கிறார். போன் தொலைந்த நாளில் அவரை உள்ளே விடப்போவது அந்தக் காகிதம்தான். கூடவே ஆத்தென்டிகேட்டர் செயலியையும் சேர்க்கிறார். இவையெல்லாம் வேலை செய்வதைச் சோதித்துப் பார்த்த பிறகே, ‘2-Step Verification’ பக்கத்திலிருந்து எஸ்.எம்.எஸ். எண்ணை நீக்குகிறார். வரிசை முக்கியம். முதலிலேயே நீக்கினால் தானே வெளியே மாட்டிக்கொள்ளலாம்.

ஃபேஸ்புக்குக்கு ஆத்தென்டிகேட்டர் செயலி போதும். போன் மாற்றும்போது பழைய போனை விற்பதற்கு முன், செயலியில் ‘Transfer accounts’ வழியாக எல்லாவற்றையும் புது போனுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

வங்கியில் அவருக்குத் தேர்வு செய்யும் வாய்ப்பு குறைவு, பெரும்பாலும் ஓ.டி.பி.தான். எஸ்.எம்.எஸ். அல்லாத வழிகளுக்கும் இடம் தரும் விதிகளை ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்டிருக்கிறது. வங்கி அப்படி ஒன்றைத் தரும்வரை, மாற்ற முடியாத வழியைப் பலப்படுத்த வேண்டியதுதான். சிம் பின் போடுகிறார். பூட்டிய திரையில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி மாற்றுகிறார். எண்ணை மாற்றுவதானால் முதலில் வங்கிக்குச் சொல்லிவிட்டுப் பிறகே பழைய சிம்மை விட வேண்டும் என்பதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைக்கிறார். பணம் போய்விட்டால் கூப்பிட வேண்டிய 1930 என்ற எண்ணையும் எல்லார் போனிலும் சேமிக்கிறார்.

இன்று உங்களுக்கு அரை மணி நேரம் கிடைத்தால் அதை மின்னஞ்சல் கணக்குக்குக் கொடுங்கள். பாஸ்கீ ஒன்று, காகிதத்தில் பத்து எண்கள், பிறகு எஸ்.எம்.எஸ். நீக்கம். மற்ற கணக்குகள் அடுத்த வாரம் வரை காத்திருக்கலாம்.